வரலட்சுமி நோன்பு: கலசம் வைப்பதும் சரடு கட்டுவதும்

வரலட்சுமி நோன்புக் கலசம் வைத்த இடத்திலேயே இருப்பதில்லை. வியாழக்கிழமை மாலை அலங்காரம் முடிந்து நிலைவாசலுக்குப் பக்கத்தில் அமர்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்து தூக்கி, அம்மனை உள்ளே அழைத்து வந்து மண்டபத்தில் வைக்கிறோம். சனிக்கிழமை புனர்பூஜை ஆனதும் சற்று வடக்கே நகர்த்துகிறோம். அன்று இரவு அது அரிசிப் பானைக்குள் போகிறது. அதற்கப்புறம் உள்ளே இருந்த அரிசியும் மேலே இருந்த தேங்காயும் அடுப்படிக்கு வருகின்றன. அதனால் கலசம் வைக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தூக்கினால் ஆடாமல் வருமா? பூஜை முடிந்தபின் இதில் உள்ளதைச் சாப்பிட முடியுமா? தேங்காயின் அளவு, மாவிலையின் பக்குவம், அரிசியின் ஈரம் என்று பெரியவர்கள் சொல்லித்தருவதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். இந்த அத்தியாயமும் அதையே பிடித்துக்கொண்டு போகிறது.

நாள் பார்ப்பது எளிது. ஆடியிலோ ஆவணியிலோ வருகிற சிராவண மாதப் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் நோன்பு. 2023இல் ஆகஸ்ட் 25, 2024இல் ஆகஸ்ட் 16, 2025இல் ஆகஸ்ட் 8 என்று வந்தது. பௌர்ணமியே வெள்ளிக்கிழமையில் விழுகிற வருஷத்தில் மட்டும் உங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் சொல்வதைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. காலையில் பூஜை செய்கிறவர்கள் பத்தரைக்குள் அம்மனை உள்ளே அழைத்துவிட வேண்டும். அலுவலகம் போகிறவர்கள் மாலை விளக்கேற்றும் நேரத்தில் செய்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

கலசம் வைத்துச் செய்வது எல்லா வீட்டிலும் வழக்கம் இல்லை. பெரும்பாலும் மாமியார் வீட்டு வழக்கப்படி, கல்யாணமான முதல் வருஷம் தலைநோன்பாக மருமகளுக்கு எடுத்து வைப்பார்கள். அதிலிருந்து வருஷந்தோறும் தொடரும். வழக்கம் இல்லாத வீட்டில் லட்சுமி படத்துக்குப் பூச்சாற்றிச் சரடு மட்டும் கட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் கலசம் வைத்தால் அங்கே போய் வெற்றிலை பாக்கும் சரடும் வாங்கிக்கொள்வதும் நோன்பில் சேர்ந்ததுதான். தீட்டு, மாதவிலக்கு போன்ற காரணத்தால் அந்த வெள்ளி தவறினால் அடுத்த வெள்ளியில் செய்கிறார்கள். அதுவும் முடியாதபோது நவராத்திரி வெள்ளியில் வைக்கிற வீடுகளும் உண்டு.

சொம்பும் தேங்காயும்

வெள்ளி, பித்தளை, செம்பு எதுவானாலும் சரி, சொம்புக்குக் கழுத்து இருக்க வேண்டும். கழுத்து இல்லாத நேர்க் குவளையில் பூச்சரமும் நிற்காது, சரடும் நிற்காது. அடி அகலமாக இருப்பது நல்லது. உருண்டை அடியாக இருந்தால் தட்டில் கொட்டிய அரிசியில் லேசாகக் குழித்து உட்கார வைத்தால் அசையாது.

கடையில் பெரிய தேங்காயாகப் பார்த்து வாங்கிவந்து, வீட்டுக்கு வந்தபின் சொம்பின் மேல் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். வாய்க்குத் தேங்காய் மிகப் பெரிதாக இருந்தால் விளிம்பில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்து ஒரு பக்கம் சாயும். சிறிதாக இருந்தால் உள்ளே இறங்கி மாவிலையை நசுக்கிவிடும். அளவு பார்க்க ஒரு நூல் போதும். சொம்பு வாயின் விளிம்பைச் சுற்றி நூலை வைத்து, முனை சேர்கிற இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். அந்த நூலைக் கடைக்கு எடுத்துப்போய்த் தேங்காயின் நடுப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். நூல் எட்டாமல், அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி விழுந்தால் அந்தத் தேங்காய் சரியாக இருக்கும். வாய்ச் சுற்றளவு 28 சென்டிமீட்டர் என்றால் தேங்காயின் சுற்றளவு 34 சென்டிமீட்டர் அளவில் இருக்கலாம். அப்படிப்பட்ட காய் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொம்புக்குள் இறங்கி, மீதி வெளியே நிமிர்ந்து நிற்கும்.

அளவுக்கு அடுத்தது குடுமி. உடம்பெல்லாம் நார் உரித்து, உச்சியில் குடுமியை மட்டும் விட்ட காயாக இருக்க வேண்டும். தேங்காயின் கண்கள் குடுமிக்கு அடியில்தான் இருக்கின்றன. குடுமியைப் பிய்த்துவிட்டால் கண் திறந்துகொண்டு காற்றும் ஈரமும் உள்ளே போகும். இந்தத் தேங்காய் அடுத்த வெள்ளி வரை, அதாவது ஒரு வாரம் கெடாமல் இருக்க வேண்டியது. சாமி காரியம் என்பதற்காக மட்டுமல்ல, காய் தாங்குவதற்கும் குடுமி வேண்டும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். தண்ணீர் நன்றாகக் கலகலக்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் ஒன்று இளசு, இல்லையென்றால் கொப்பரையாகிப் போனது. ஓட்டில் மயிரிழைபோல ஒரு கீறல் இருந்தாலும் அந்த இடம் ஈரமாகக் கறுத்திருக்கும். அந்தக் காயை வாங்காதீர்கள்.

மஞ்சள் பூசுவதை வியாழக்கிழமை மத்தியானமே செய்துவிடுங்கள். குழம்புபோலக் கரைத்துப் பூசினால் வழிந்து திட்டுத்திட்டாக நிற்கும். குங்குமம் வைத்தால் கரைந்து ஓடும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, விரலால் மெல்லிசாகத் தேய்த்து, அரை மணி நேரமாவது நிழலில் காயவிட வேண்டும். கையில் ஒட்டாமல் வந்தபின் குங்குமம் வைக்கலாம். ஈர மஞ்சளோடு காயை எடுத்தால் கைக்குள் வழுக்கும். அப்படி வழுக்கித்தான் பல வீடுகளில் தேங்காய் கீழே விழுகிறது.

உள்ளே என்ன நிரப்புவது

அரிசி நிரப்புகிற வீடும் உண்டு, தண்ணீர் நிரப்புகிற வீடும் உண்டு. வீட்டு வழக்கம் எதுவோ அதுவே சரி. வழக்கம் தெரியாமல் புதிதாக ஆரம்பிப்பவர்கள் அரிசியே வையுங்கள் என்பேன். வாசலிலிருந்து மண்டபம் வரை தூக்கி வரும்போது தண்ணீர் தளும்பும். தளும்பும்போது மேலே உள்ள தேங்காயும் ஆடும். தண்ணீர்க் கலசம் வைப்பவர்கள் முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஏலக்காய், கிராம்பு, ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் போட்டால் அந்தத் தண்ணீரைக் கடைசியில் வீடெங்கும் தெளித்துவிட்டு மீதியைத் துளசிக்கு ஊற்றலாம்.

அரிசி என்றால் பச்சரிசி. ஒரு லிட்டர் கொள்கிற சொம்புக்குச் சுமார் 700 கிராம் பிடிக்கும். வாய் வரை நிரப்பக் கூடாது. தேங்காயின் அடி இறங்க இடம் வேண்டும் என்பதால் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு கீழே நிறுத்துங்கள். தேங்காய் உட்கார்ந்ததும் அதன் அடி அரிசியை லேசாகத் தொட வேண்டும். விளிம்பு ஒரு பிடிப்பு, அரிசி ஒரு பிடிப்பு என்று இரண்டும் சேர்ந்தால்தான் காய் அசையாது. அரிசி கூடிப்போனால் காயை மேலே தூக்கிவிடும். குறைந்தால் விளிம்பு மட்டுமே தாங்கும், தொட்டால் உருளும்.

அரிசிக்குள் விரலி மஞ்சள், கொட்டைப் பாக்கு, வெற்றிலை, எலுமிச்சம்பழம், பேரீச்சங்காய், நாணயம், காதோலை கருகமணி, முடிந்தால் ஒரு பொட்டுத் தங்கம் வைப்பது வழக்கம். இங்கேதான் நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்வி வருகிறது. இந்த அரிசி பொங்கலாகப் போகிறது. கருகமணி சின்ன மணி. அரிசிக்குள் நேராகக் கொட்டினால் பிறகு பொறுக்கி முடியாது, யாராவது ஒருவர் பல்லில் கடிபடும். கருகமணி, நாணயம், தங்கம் மூன்றையும் சின்ன மஞ்சள் துணியில் முடிந்து வையுங்கள். பச்சைக் கற்பூரத்தை அரிசியில் தூவினால் பொங்கலில் அந்த வாசனை தூக்கலாக நிற்கும். வேண்டுமானால் அதையும் பொட்டலமாக மடித்து வையுங்கள். எலுமிச்சம்பழம் காம்பு பிய்யாமல், தோல் அடிபடாமல் இருக்கட்டும். வெற்றிலையைக் கழுவியபின் துணியால் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். நனைந்த வெற்றிலை இரண்டு நாள் அரிசிக்குள் இருந்தால் அதைச் சுற்றியுள்ள அரிசி கட்டிதட்டிப் புளித்த வாடை அடிக்கும். வைத்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எடுக்கும்போது சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

மாவிலை

மாவிலையைத் தனித்தனி இலையாகப் பறித்து வருகிறார்கள். அதைச் சொம்பு வாயில் செருகி நிறுத்துவது பெரும்பாடு. ஒன்று நிற்கும், ஒன்று சரியும், தேங்காயை வைத்ததும் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும். வேண்டியது கொத்து. மாங்கிளையின் நுனியில் ஐந்தாறு இலை ஒரே இடத்திலிருந்து சுற்றிலும் கிளம்பியிருக்கும். அந்தக் கொத்தைக் குச்சியோடு ஒடித்து வர வேண்டும். ஐந்து இலைதான் பொதுவான கணக்கு. சொம்பு பெரிதாக இருந்தால் ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் கூட்டலாம்.

இலையின் பக்குவம் முக்கியம். மாங்காய்ப் பருவம் முடிந்து மரம் புதுத் துளிர் விடுகிற சமயத்தில்தான் நோன்பும் வருகிறது. செம்பு நிறத் துளிர் பார்க்க அழகாக இருக்கும். வியாழன் மாலை வைத்தால் வெள்ளி காலையில் துவண்டு தொங்கும். கரும்பச்சை முற்றல் இலை வாடாது. ஆனால் விளிம்பில் வளைக்கும்போது நடு நரம்பு மளுக்கென்று உடையும். இரண்டுக்கும் நடுவில், பச்சை ஏறி முடிந்து, மடக்கினால் உடையாமல் வளைகிற இலையைத் தேடுங்கள். பூச்சி கடித்த ஓட்டையும் கறுப்புப் பொட்டும் இல்லாததாக இருக்கட்டும். நகரத்தில் இருப்பவர்களுக்குக் கோயில் வாசல் பூக்கடைகளில் கொத்தாகவே கிடைக்கும். புதன்கிழமையே வாங்கினால் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். தண்ணீரில் மூழ்கவிட்டால் இலை பழுத்துவிடும்.

இனி ஒரு நுணுக்கம். கொத்தின் குச்சியை நீளமாக விட்டுச் சொம்பின் நடுவில் நட்டுவிட்டால், அதன் மேல் வைக்கிற தேங்காயின் அடியில் குச்சி இடிக்கும். தேங்காய் ஏன் சாய்கிறது என்று தெரியாமல் அரை மணி நேரம் போராடுவார்கள். குச்சியை ஒரு விரல்கணு அளவுக்கு நறுக்கிவிடுங்கள். அந்தக் கட்டை அரிசிக்குள் முழுவதும் புதைய வேண்டும். இலைகள் மட்டும் விளிம்பைத் தாண்டி வெளியே மலர்ந்து, நுனி கீழ்நோக்கித் தொங்க வேண்டும். இரண்டு இலை ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் அந்தப் பக்கம் தடித்து, தேங்காய் எதிர்ப்பக்கம் சாயும். விரலால் பிரித்து, சுற்றிலும் சம இடைவெளி வருமாறு ஒதுக்கிய பிறகே காயை வையுங்கள். கொத்து கிடைக்காமல் தனி இலைதான் இருக்கிறது என்றால், ஐந்து காம்பையும் நூலால் சேர்த்துக் கட்டி நீங்களே ஒரு கொத்து செய்துகொள்ளலாம்.

அம்மன் முகம்

முன்பெல்லாம் சொம்பின் மேல் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, அதிலே மஞ்சள், குங்குமம், மை கொண்டு கண்ணும் மூக்கும் எழுதினார்கள். அம்மன் முகத்தைச் சுவரில் எழுதிய வீடுகளும் உண்டு. இப்போது வெள்ளி முகம் பரவலாகிவிட்டது. முகம் வைத்ததும் பாரம் முழுவதும் முன்பக்கம் வந்துவிடுகிறது. கொண்டு வரும்போது கலசம் தலைகுப்புறச் சாய்வதற்குக் காரணம் இதுதான். முகத்தின் காதோரம் உள்ள துளைகளில் உறுதியான நூலைக் கோத்து, தேங்காயின் பின்புறம் கொண்டுபோய், குடுமிக்குச் சற்றுக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். இன்னொரு நூலைக் குடுமியடியிலிருந்து இறக்கிச் சொம்பின் கழுத்தைச் சுற்றிக் கட்டினால் தேங்காயும் சொம்பும் ஒன்றாகிவிடும். முகத்துக்கு அடியில் கம்பி இருந்தால் அதை அரிசிக்குள் நன்றாக ஊன்றலாம். பாவாடை, ஜடை, தாழம்பூ எல்லாம் கட்டி முடித்தபின் நூல் எதுவும் வெளியே தெரியாது.

பூவும் நகையும் சாற்றுவதற்கு முன்பே தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கை அடியிலும் ஒரு கை கழுத்திலுமாகப் பிடித்துக் கூடத்தில் நாலு அடி நடங்கள். குடுமியைப் பாருங்கள். அது அசைந்தால் பிரித்துக் கட்டுங்கள். அலங்காரம் முடிந்தபின் அசைவது தெரிந்தால் யாருக்கும் பிரிக்க மனசு வராது. அந்தக் கவலையோடே பூஜை நடக்கும்.

விளக்குகளை அம்மனிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பட்டுப் பாவாடையும் காய்ந்த தாழம்பூவும் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். விசிறி ஓடுகிற அறையில் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

சரடு தயாரிப்பது

கடையில் பூ வைத்த நோன்புச் சரடு கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோன்புச் சரடு ஒன்பது இழை, ஒன்பது முடிச்சு. கடைச் சரடு பலவற்றில் இழையும் குறைவு, முடிச்சும் இல்லை. செயற்கை நூலாகவும் இருக்கும். அது மஞ்சளைப் பிடிக்காது, முடிச்சும் வழுக்கி அவிழும். ஒரு முனையைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். மற்றது உருகி மணிபோலத் திரளும்.

வீட்டில் செய்வது கடினமே இல்லை. ஒருவருக்கு ஒரு முழ நீளம், அதாவது 45 சென்டிமீட்டர் வேண்டும். மணிக்கட்டைச் சுற்ற 16, ஒன்பது முடிச்சுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பதின்மூன்று, கட்டுவதற்கு இரண்டு முனையிலும் எட்டெட்டு என்று கணக்கு அங்கே வந்து நிற்கும். ஒன்பது இழையைத் தனித்தனியே வெட்டி எண்ண வேண்டாம். 22 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீளவாக்கில் வெள்ளைப் பருத்தி நூலை ஒன்பது சுற்றுச் சுற்றி, ஒரே ஓரத்தில் வெட்டுங்கள். ஒரே நீளத்தில் ஒன்பது இழை கையில் வரும்.

மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து நூலைக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். முடிச்சுப் போட்டுவிட்டு நனைத்தால் முடிச்சின் உள்ளே மஞ்சள் ஏறாமல் வெள்ளையாக நிற்கும். முழுக்கக் காய்ந்து முறுகிய பிறகு முடிந்தால் இழை பிரிந்துகொள்ளும். தொட்டால் குளிர்ச்சி தெரிகிற, ஆனால் கையில் ஈரம் ஒட்டாத அரைக்காய்ச்சலில் முடிச்சுப் போடுவது சுலபம். நடுவிலிருந்து ஆரம்பித்து, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று போனால் இடைவெளி சமமாக வரும். நடு முடிச்சில் ஒரு பூவைக் கோத்துவிடுங்கள். சாமந்தி பெரிதாக இருந்து கையில் நசுங்கும். மல்லிகையோ சின்ன ரோஜா மொட்டோ போதும். பூவை மட்டும் வெள்ளிக்கிழமை காலையில் கட்டுங்கள்.

எத்தனை சரடு வேண்டும் என்பதை 2025 ஆகஸ்ட் 8 நோன்புக்கு வைத்தே பார்ப்போம். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. மாமியார், மருமகள், எட்டு வயதுப் பெண்குழந்தை. அழைத்திருக்கிற பெண்கள் நாலு பேர். அம்மனுக்கு ஒன்று, வீட்டில் மூன்று, விருந்தினருக்கு நாலு, எதிர்பாராமல் வருகிறவர்களுக்கு இரண்டு என்று பத்துச் சரடு. ஒன்றுக்கு ஒன்பது இழை, இழைக்கு 45 சென்டிமீட்டர் என்றால் நாற்பது மீட்டருக்குச் சற்று மேல் நூல். ஒரு சின்ன நூல்கண்டு தாராளமாகக் காணும். ஆகஸ்ட் 6, புதன் இரவு நூலை நனைத்து, முடிச்சுப் போட்டு உலர்த்திவிடுகிறார்கள். வியாழன் மத்தியானம் தேங்காய்க்கு மஞ்சள். மாலை ஐந்து மணிக்குச் சொம்பு நிரப்பி, அலங்காரம் முடித்து, வாசல் கதவை ஒட்டிய மூலையில் கோலம் போட்ட பலகையில் வைத்து, வெண்பொங்கல் நைவேத்தியம் செய்து ஆரத்தி எடுக்கிறார்கள். வெள்ளி காலை எட்டரைக்கு, ஒரு பக்கம் மாமியாரும் ஒரு பக்கம் மருமகளும் பிடிக்க, அம்மன் உள்ளே வருகிறாள். கிழக்குப் பார்த்த மண்டபத்தில், நுனி வாழையிலையில் பரப்பிய அரிசியின் மேல் கலசம் அமர்கிறது. கொழுக்கட்டை, வடை, பாயசம், சுண்டல் தயாராக இருந்தால் பூஜையும் சாருமதி கதையும் பத்து மணிக்குள் முடிந்துவிடும்.

சரடு கட்டிக்கொள்வது

சரடுகளை ஆரம்பத்திலேயே ஒரு தட்டில், வெற்றிலையின் மேல், அம்மனுக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். அர்ச்சனை ஆனதும் சரடுக்குத் தனியாகப் பூஜை உண்டு. ஒன்பது முடிச்சுக்கும் கமலா, ரமா, லோகமாதா, விஸ்வஜனனி, மகாலட்சுமி, க்ஷீராப்திதனயா, விஸ்வசாட்சிணி, சந்திரசோதரி, ஹரிவல்லபா என்று ஒன்பது பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவோ அட்சதையோ போடுகிறோம். முடிச்சு எண்ணிக்கையில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது இதற்காகத்தான். ஏழே முடிச்சு உள்ள சரடில் கடைசி இரண்டு பெயரைச் சொல்லும்போது பூ போட இடம் இருக்காது. நேரம் குறைவாக இருந்து மற்ற மந்திரங்களைச் சுருக்க நேர்ந்தாலும் இந்த ஒன்பது பெயரை நிதானமாகச் சொல்லுங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

நைவேத்தியமும் ஆரத்தியும் முடிந்தபின் முதல் சரடு அம்மனுக்கு. அதைக் கலசத்தின் கழுத்தில் சாற்றுகிறோம். பிறகு வீட்டில் மூத்தவர் மற்றவர்களுக்குக் கட்டிவிடுவார். மூத்தவருக்கு அடுத்த சுமங்கலி கட்டலாம். கணவர் கையால் கட்டிக்கொள்கிற வீடுகளும் உண்டு. வலது கையில்தான் கட்ட வேண்டும். கட்டும்போது சொல்கிற சுலோகமே வலது கை என்று சொல்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இடது கையில்தான் கட்டிக்கொண்டார்கள் என்றால் அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கட்டிக்கொள்கிறவர் வெறுங்கையை நீட்டக் கூடாது. உள்ளங்கையில் வெற்றிலை பாக்கு, பழம், கொஞ்சம் அட்சதையும் பூவும் வைத்துக்கொள்ள வேண்டும். "கையைக் கொஞ்சம் மூடிக்கோம்மா" என்று மாமியார் சொல்வதில் ஒரு காரியம் இருக்கிறது. விரல் மடங்கும்போது மணிக்கட்டின் நரம்பு எழும்பிக் கை அதன் முழு அளவுக்கு வரும். அந்த நிலையில் அளவெடுத்துக் கட்டினால் பிறகு இறுக்காது. தளர்ந்த கையில் இழுத்துக் கட்டினால் சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது வெட்டும். சரடுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழைகிற இடம் விட்டு, இரண்டு முடிச்சு இறுக்கிப் போட்டு, மீந்த முனையைக் கத்தரிக்காமல் சரடுக்குள்ளேயே சுற்றிவிடுங்கள். பூ வைத்த நடு முடிச்சு மேல்பக்கம் இருக்கட்டும். குழந்தைக்குக் கட்டுகிற சரடை முதலிலேயே கொஞ்சம் குறைத்துச் செய்தால், தொங்குகிற முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க மாட்டாள். கட்டி முடிந்ததும் பெரியவர்களை நமஸ்கரித்துத் தாம்பூலம் வாங்கிக்கொள்வது முறை.

கையில் அரிப்பு எடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். சரடு ஓயாமல் நனைந்தபடி இருப்பதும், கலப்பட மஞ்சளும் குங்குமமும் இதற்குக் காரணமாகலாம். கைகழுவியபின் மணிக்கட்டையும் துடைத்துக்கொள்ளுங்கள். சிவந்து தடித்தால் கழற்றிவிடலாம். சரடை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. சனிக்கிழமை புனர்பூஜைக்குப் பின் எடுப்பவர்களும் உண்டு, தானாக அறுந்து விழும் வரை வைத்திருப்பவர்களும் உண்டு. மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண்கள் வேலைக்குக் கிளம்பும் முன் எடுத்துவிட வேண்டும். அழுக்கேறிய ஈர நூலோடு நோயாளியைத் தொடுவது சரியல்ல. அவிழ்த்த சரடைக் குப்பையில் போடாமல் செடியின் வேரடியில் வைத்தால் பருத்தி மக்கிவிடும்.

கலசத்தைக் கலைப்பது

சனிக்கிழமை காலை புனர்பூஜை. சுண்டலோ பழமோ நைவேத்தியம் செய்து, ஆரத்தி எடுத்து, கலசத்தைக் கொஞ்சம் வடக்கே நகர்த்திவிட்டால் நோன்பு நிறைவு. இரவு அரிசிப் பானையிலோ அரிசி டப்பாவிலோ முகத்தோடு வைத்து மூடுவது வழக்கம். டப்பா சின்னது என்றால் அம்மன் முகத்தை மட்டும் வைக்கலாம். மறுநாள் முகத்தையும் நகையையும் எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, சொம்பைப் பிரித்து, முன்பு எழுதி வைத்த தாளைப் பார்த்துப் பொருள்களைச் சரிபாருங்கள். வெற்றிலையும் மாவிலையும் செடிக்குப் போகும். மஞ்சளும் பாக்கும் காய்ந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். அரிசியை ஒரு தாம்பாளத்தில் பரப்பி அரை நாள் உலரவிட்டு, தனி டப்பாவில் வைத்து, அடுத்த வெள்ளியில் சர்க்கரைப் பொங்கலுக்கு எடுங்கள்.

தேங்காயைக் காற்றோட்டமான இடத்தில், குடுமியோடேயே வைத்திருந்து அதே வெள்ளியில் உடைத்துப் பாயசம் வைக்க வேண்டும். ஓட்டில் காய்ந்திருக்கும் மஞ்சளை முதலில் கழுவித் துடைத்துவிட்டு உடையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் மஞ்சள் கலக்கும். தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்து பாருங்கள். பருப்பு வெள்ளையாக, ஓட்டோடு ஒட்டி உறுதியாக இருந்தால் பயன்படுத்தலாம். வழவழப்பு, இளஞ்சிவப்புத் திட்டு, எண்ணெய்க் காறல் வாடை ஏதாவது இருந்தால் பாயசத்தில் சேர்க்காதீர்கள். கலசத் தேங்காய் அழுகிவிட்டால் குடும்பத்துக்கு ஏதோ வரப்போகிறது என்று கலங்குகிறவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் கலங்கத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறலும், ஈர மஞ்சளும், பிய்ந்த குடுமியும் காயைக் கெடுத்துவிடும், யார் வீட்டில் வைத்தாலும் அப்படித்தான். கெட்டுப்போன காயை மண்ணில் புதைத்துவிட்டு, வேறொரு தேங்காய் வாங்கி வந்து பாயசத்தை வையுங்கள்.